சுவரில் இருந்த போட்டோவும் கன்னத்தில் இருந்த கையும்

ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்த பாப்பாவின் போட்டோவை ஏன் கழற்றினேன் என்று பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். ஆணி ஆடுகிறது, விழுந்து உடைந்துவிடும் என்று சொன்னேன். தம்பி ஏறி ஆணியை ஆட்டிப் பார்த்தான். அது ஆடவில்லை. "நல்லாத்தானப்பா இருக்குது" என்றான். நான் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உண்மையான காரணத்தை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதினால் பாதியில் பேச்சை மாற்ற முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். கோத்தகிரியில் கல்யாணம், காதுகுத்து, சர்ச் விசேஷம் எதுவானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். அது பாதி வேலை. மீதிப் பாதி கம்ப்யூட்டர் முன்னால். இந்த மலையில் சொன்ன நேரத்துக்கு வெயில் வராது. முகூர்த்தம் காலையில் என்றால் மூடுபனியும் பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி சரியாக வந்துவிடும். பட்டுப்புடவை, மாலை, தோரணம் எல்லாம் சாம்பல் பூசினது போலத்தான் போட்டோவில் விழும். அதனால் வருகிறவர்கள் எல்லோரும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். "இந்தக் கலர்ல எங்களுது வேணுங்க" என்பார்கள்.

அதைச் செய்யக் கம்ப்யூட்டரில் வழி இருக்கிறது. அவர்கள் காட்டும் படத்தில் வெளிச்சம் சராசரியாக எவ்வளவு, மஞ்சளும் சிவப்பும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நிறங்கள் எவ்வளவு தூரம் விரிந்திருக்கின்றன என்று அது கணக்குப் போடும். பிறகு நம் படத்தையும் அதே கணக்குக்கு இழுத்துக்கொண்டு வரும். சாம்பல் பிடித்த தேயிலைத் தோட்டம் ஒரு நொடியில் சாயங்கால வெயிலில் நிற்கும். வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

ஆனால் அந்தக் கணக்குக்கு எது இலை, எது முகம் என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும். இலை பொன்னாகும்போது முகம் செங்கல்லாகும். அதனால் தோலை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக் காப்பாற்ற வேண்டும். "கலர் என்ன வேணா மாத்துறேன், ஸ்கின் மட்டும் நேச்சுரலா இருக்கும்" என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கடை போர்டிலும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

அந்த 'நேச்சுரல்' எங்கிருந்து வந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் கம்ப்யூட்டரில் 'நல்ல முகம்' என்ற பெயரில் ஒரு சின்னப் படம் இருந்தது. தீப்பெட்டி அளவு. யாரோ ஒரு பெண்ணின் கன்னம் மட்டும். கடை ஆரம்பித்த வருடம் ஒரு புடவை விளம்பரத்திலிருந்து வெட்டி வைத்துக்கொண்டது. கோதுமை நிறம். யாருடைய முகம் கலர் மாற்றத்தில் கெட்டுப்போனாலும் அந்த முகத்தைத் தேர்ந்தெடுத்து, 'நல்ல முகத்தை' மாதிரியாக வைத்து, அதே கணக்கை இன்னொரு முறை ஓட்டுவேன். முகம் அந்தக் கன்னத்தின் நிறத்துக்கு வந்துவிடும். வெளிச்சமும் கூடவே ஏறிவிடும். வேலை சுலபம்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் ஒரு நாள் ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க கடையில எல்லாப் பொண்ணும் அக்கா தங்கச்சியாட்டவே இருக்குதுங்க. ஒரே ஊட்டுல பொண்ணு எடுத்தாங்களா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். என் வேலை ஒரே தரமாக இருக்கிறது என்று பாராட்டுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இதை எனக்குப் புரிய வைத்த கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. எஸ்டேட் கோயிலை ஒட்டிய மண்டபம். கல்யாணப் பெண்ணின் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். சிலோனிலிருந்து வந்த குடும்பம், எஸ்டேட் லயத்தில் வரிசை வீடு. பெண் மேட்டுப்பாளையத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளையும் அந்த ஊர்தான், வேன் ஓட்டுகிறவர். கலகலப்பான ஆள்.

காலையிலிருந்து பனி விலகவேயில்லை. நான் அம்மாவைப் படத்தில் நிற்க வைக்க நாலைந்து முறை கூப்பிட்டேன். "இந்தா வாரேன், இலை போட்டுட்டு வாரேன்" என்று போவார், வரமாட்டார். கூடவே நின்ற பெண், "விடுங்ணா, எங்கம்மா போட்டோன்னாலே ஒதுங்கிரும். எங்க ஊட்டுல அம்மா இருக்குற போட்டோன்னா ரேசன் கார்டுதான்" என்றாள்.

தாலி கட்டி முடிந்து எல்லோரும் பந்திக்குப் போன பிறகு, பெண் மண்டபத்தின் பின்வாசல் படியில் நின்றிருந்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளிருந்து வந்தார். நான் எதிரே மரத்தடியில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மகளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி அவள் கன்னத்தில் முழுசாக வைத்தார். பின்னால் தேயிலைச் சரிவு, பாதி பனிக்குள். ஓரத்தில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை. நான் ஒரே ஒரு முறை அமுக்கினேன். சத்தம் கேட்டதும் அம்மா கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு படம்தான் அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. கல்யாணம் முடிந்த மறுவாரம் போனில் சொன்னாள். "அண்ணா, ஆல்பம் எப்ப வேணா குடுங்க. அந்த அம்மா கை வச்ச படத்தை மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்க. புது வீட்டுல வாசலைத் திறந்த உடனே தெரியற மாதிரி மாட்டப்போறேன். அம்மா கூட இருக்குறது அது ஒண்ணுதான்." கூடவே ஒரு படமும் அனுப்பினாள். யாரோ ஒரு ஜோடி, தேயிலைக்கு நடுவில், சாயங்கால வெயிலில். இலை நுனியெல்லாம் பொன். நிழலெல்லாம் ஆழமான பழுப்பு. "இந்தக் கலர்ல. எங்கம்மா வெயில்ல நிக்கிற மாதிரி இருக்கணும்" என்றாள்.

நான் வழக்கம்போல உட்கார்ந்தேன். முதலில் படம் முழுவதையும் அந்த வெயில் படத்தின் கணக்குக்கு இழுத்தேன். தேயிலை அழகாக வந்தது. முகங்கள் செங்கல்லாயின. தோலை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதியைப் பயன்படுத்தினேன். அது பெண்ணின் முகத்தோடு பின்வாசல் மரக்கதவையும் படிக்கட்டு மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. கறுத்த தோலில் அது அடிக்கடி இப்படித் தடுமாறும். அதனால் பிரஷ்ஷை எடுத்து நானே கையால் வரைந்தேன். பெண்ணின் நெற்றி, மூக்கு, கன்னம், கழுத்து. கன்னத்தில் அம்மாவின் விரல்கள் வந்த இடத்தில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, விரல் ஓரமாகவே சுற்றி வந்தேன். அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தேன் என்று அப்போது எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் பெண், மாப்பிள்ளை முகத்துக்குத்தான் கை வைப்போம். மற்றவர்கள் எல்லாம் பின்னால் நிற்கிற ஆட்கள். அம்மாவையும் நான் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். அதனால் பெண்ணின் முகம் 'நல்ல முகத்தின்' கோதுமைக்கு ஏறியது. அம்மாவின் கை, அந்த வெயில் படத்தின் ஆழமான நிழல் கணக்குக்கே இழுபட்டு, இருந்ததைவிட இன்னும் கறுத்து, சிவந்து கிடந்தது. எனக்கு அது கண்ணில் படவில்லை. முகம் நன்றாக வந்திருந்தது. நான் முகத்தைத்தான் பார்த்தேன்.

பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லை. "அம்மா வந்து பாத்துச் சரின்னு சொன்னாப் போதும், பிரிண்ட் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டூலைக் காட்டினேன். நுனியில் உட்கார்ந்தார். பாப்பா, அன்றைக்கு நீயும் கடையில்தான் இருந்தாய். உள்ளே மேசையில் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தாய். நீ நிமிர்ந்து பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது.

நான் படத்தைத் திரை நிறையக் காட்டினேன். அம்மா குடையைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். பிறகு, "எம் புள்ளையா சார் இது?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "சினிமாக்காரியாட்டம் இருக்கா. இவ்வளவு வெளுப்பா வந்திருக்கா பாருங்களேன்."

"எல்லாம் லைட்டிங்தாங்க" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேனாம்.

அவர் ஸ்டூலை விட்டு எழுந்து திரைக்கு அருகில் வந்தார். சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. "சார், இந்தக் கை..."

"சொல்லுங்க."

"இந்தக் கைய மட்டும் எடுத்திட ஏலுமா? புள்ள மூஞ்சில என்னமோ அழுக்கு அப்பின மாதிரி இருக்கு. சம்பந்தி வீட்டுல மாட்டப் போறா. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

இதைச் சொல்லிக்கொண்டே அவர் தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். கொழுந்துச் சாறு ஏறி விரல் இடுக்கெல்லாம் கறுத்த கை. அதை நான் பார்த்தேன். பாப்பா, தம்பி, நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. "கை சரியாத்தாங்க இருக்குது, மூஞ்சியத்தான் நான் வெளுத்துட்டேன்." அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பட்டனை அமுக்கினால் பழைய படம் வந்து நின்றிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் என் வேலை தப்பு என்று ஆகிவிடும். அவர் இப்போதுதான் 'சினிமாக்காரி' என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"அதுக்கென்னங்க, எடுத்துட்டாப் போச்சு" என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன். கையைச் சுற்றிக் கோடு போட்டு, நிரப்பு என்று சொன்னால் போதும். கை இருந்த இடத்தில் கன்னம் வந்துவிடும், மணிக்கட்டு இருந்த இடத்தில் தேயிலை. அம்மா நின்றிருந்த ஓரத்தையும் வெட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருத்தரை அவருடைய மகள் கல்யாணத்திலிருந்தே வெளியே அனுப்ப அவ்வளவு நேரம்தான் ஆனது.

"இப்பத்தான் சார் லச்சணமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கொய்யாப்பழம். "புள்ளைக்குக் குடுங்க" என்று உள்ளே உன்னைக் காட்டினார். நீ அதை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டாய். நானும் ஒன்று சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் பிரேமை வாங்க வந்தார்கள். பழுப்புக் காகிதத்தை அவளே பிரித்தாள். பாதி பிரித்ததும் கை நின்றுவிட்டது.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "அண்ணோவ், யாருதோ மாத்திக் குடுத்துட்டீங்க. நான் தாலி கட்டுனது இந்தப் புள்ளைக்கில்லீங்கோ. ஊட்டுக்குப் போனா எங்கம்மா ரெண்டாவதா ஒண்ணக் கூட்டியாந்துட்டானான்னு வெளக்குமாத்த எடுக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மா எங்கீங்ணா?"

"அம்மாதாங்க வந்து பாத்தாங்க. அவங்கதான் எடுக்கச் சொன்னாங்க."

"எதுக்கு எடுக்கச் சொல்லுச்சு?"

நான் எதையோ முனகினேன். கையை எடுப்பதற்கு முன் இருந்த படத்தைக் காட்டச் சொன்னாள். திரையில் போட்டேன். கோதுமை நிறக் கன்னம், அதன்மேல் கன்னங்கரேலென்று ஒரு கை. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டித் திரையில் இருந்த அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணா, நானும் எங்கம்மாவும் ஒரே நெறம். எங்கம்மா எம் மூஞ்சில கை வச்சா எது கை, எது மூஞ்சின்னே தெரியாது. சின்னதுல இருந்து எல்லாரும் அதச் சொல்லித்தான் கேலி பண்ணுவாங்க. நீங்க அத ரெண்டா பிரிச்சுட்டீங்களே."

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

"ஸ்கின் நேச்சுரலா இருக்கட்டுமேன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"யாரோட ஸ்கின்னுங்ணா இது?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. புடவை விளம்பரத்தில் வந்த ஒருத்தியுடையது. பெயர்கூட எனக்குத் தெரியாது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. "மறுபடி பண்ணித் தர்றேங்க" என்று மட்டும் சொன்னேன். "எங்கம்மாவே தன் கையை எடுக்கச் சொல்ற மாதிரி ஆயிருச்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு, பிரேமை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனாள்.

கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பு பழைய டிஸ்க்கில் இருந்தது. அதைத் திறந்து பல நாள் உட்கார்ந்தேன். முதலில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையை வெள்ளைக்கு அளவாக வைத்து, பனியால் ஏறிய நீலத்தை எடுத்தேன். நீலம் போனதும் அம்மாவும் மகளும் அவரவர் நிறத்துக்கு வந்தார்கள். அவள் சொன்னது சரிதான். கை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் நகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

அடுத்து அவள் அனுப்பிய படம். அதில் அந்த ஜோடியும் கணக்கில் சேருகிறார்கள் என்பதை இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை. அவர்களை விட்டுவிட்டு, இலையையும் வானத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்து அதிலிருந்து நிறத்தை எடுத்தேன். நம் படத்திலும் தேயிலைச் சரிவு, கதவு, படி, துணிகள் இவற்றுக்கு மட்டும் கொடுத்தேன். முழு அளவில் கொடுத்தால் பித்தளை பூசின மாதிரி இருந்தது, அதனால் கொஞ்சம் மங்க வைத்தேன். அம்மாவின் முகம், மகளின் முகம், கை, கழுத்து எல்லாவற்றையும் நிறம் ஏறாதபடி மூடும் ஒரே மறைப்புக்குள் கொண்டு வந்தேன். தனித்தனியாக இல்லை. ஒரே மறைப்பு. கண்ணின் வெள்ளையும் அம்மாவின் நரைமுடியும் மஞ்சளாகாமல் அவற்றையும் உள்ளே சேர்த்தேன்.

அதுவும் சரியாக வரவில்லை. சுற்றிலும் வெயில், நடுவில் இரண்டு பேர் மட்டும் பனியில் நிற்கிற மாதிரி, கத்தரித்து ஒட்டினது போல இருந்தது. வெயிலில் நிற்கிறவர் மேலும் வெயில் கொஞ்சம் பட வேண்டும் அல்லவா? அதனால் அந்தப் பொன்னிறத்தில் கால் பங்கு மட்டும் தோலுக்கு விட்டேன். நிறத்தை மட்டும் ஏற்று, வெளிச்சத்தைத் தொடாதே என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. அப்படி வைத்தேன். முகம் வெளுக்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை. கொஞ்சம் சூடு மட்டும் ஏறியது. ஓரங்களை மென்மையாக்கினேன். சின்னதாக ஒரு பிரிண்ட் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பார்த்தேன். அம்மா வெயிலில் நின்றார்.

இது எதுவும் எனக்குப் புதிதாக யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாம் தெரிந்ததுதான். தெரிந்துதான் இத்தனை நாள் சுலபமானதைச் செய்துகொண்டிருந்தேன்.

பெரிய பிரிண்டை மகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஒரு மதியம் பஸ் ஏறி எஸ்டேட்டில் இறங்கினேன். அவர் கொழுந்தை எடை போட்டுவிட்டு லயத்துக்கு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "என்ன சார், நீங்களே வந்துட்டீங்க? புள்ள ஏதும் சொன்னாளா?" என்று கேட்டார். டீ போட உள்ளே ஓடினார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

படத்தைப் பிரித்துக் கட்டில்மேல் சாய்த்து வைத்தேன். அவர் டம்ளரோடு வந்து பார்த்தார்.

"கை திரும்ப வந்திருச்சே" என்றார்.

"அது போகவே கூடாதுங்க. அன்னிக்கு உங்க கை மேல ஒரு தப்பும் இல்லீங்க. நான்தான் புள்ளையோட மூஞ்சிய வெளுத்து, உங்க கையக் கறுப்பாக்கி வச்சிருந்தேன். அத உங்ககிட்ட சொல்லாம, நீங்க கேட்ட உடனே எடுத்தும் குடுத்தேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஐயோ, நீங்க என்ன சார் பண்ணுவீங்க? நான்தானே எடுக்கச் சொன்னேன். சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. டீயக் குடிங்க, ஆறிரும்."

எனக்கு ஆறுதல் சொல்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எனக்குச் சொல்வது போல இல்லாமல், "இதுதான் எம் புள்ள" என்றார். "அன்னைக்கி பாத்தது யாரோ. அழகாத்தான் இருந்தா. ஆனா யாரோ."

டம்ளரை வாங்கிக்கொள்ள அவர் நீட்டிய கை, முந்தானைக்குள் போகாமல் வெளியிலேயே இருந்தது. என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

படம் இப்போது மேட்டுப்பாளையத்தில் வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறது. பெண் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். கூட எதுவும் எழுதவில்லை. அது போதும்.

அன்றைக்கு எஸ்டேட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உன் படம் நினைவுக்கு வந்தது, பாப்பா. கடைச் சுவரில், கல்லாவுக்கு மேலே, நீ யூனிபார்மில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய முதல் நாள். உனக்கு உன் அப்பத்தாவின் நிறம். எனக்கும் அதே நிறம்தான். வருகிறவர்கள் எல்லாம், "உங்க பொண்ணுங்களா? நல்ல கலருங்க" என்பார்கள். நீ ஏழு வயதில் ஒரு முறை கேட்டாய்: "அப்பா, அதுல மட்டும் நான் ஏன் வேற மாதிரி இருக்கேன்?" நான், "ஸ்டுடியோ லைட்டு சாமி" என்றேன். அதோடு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். நீ நிறுத்திவிட்டாய் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஸ்டுடியோ லைட் இல்லை. 'நல்ல முகம்'. உன் முகத்திலும் அதைத்தான் பூசியிருந்தேன்.

கடைக்கு வந்ததும் டிஸ்க்குகள் எல்லாவற்றையும் இணைத்துத் தேடினேன். மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அசல் கோப்பு பத்திரமாக இருந்தது. உன் படத்துக்கு இல்லை. சொந்தப் பிள்ளைதானே, வேறு யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று, மாற்றிய படத்தையே பழைய படத்தின் மேல் சேமித்துவிட்டேன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள் காலையில் உன் முகம் எப்படி இருந்தது என்பதற்கு இப்போது என்னிடம் ஒரு படமும் இல்லை. அந்த முகத்தை நிறக் கணக்கு போட்டுத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். உன் இப்போதைய படத்திலிருந்து நிறத்தை எடுத்து அதில் ஏற்றிப் பார்த்தேன். நிறம் வந்தது. ஆனால் அதுவும் நான் பூசினதாகத்தானே இருக்கும்? அழித்துவிட்டேன்.

'நல்ல முகம்' கோப்பையும் அழித்துவிட்டேன். போர்டில் அந்த வரியின் மேல் பெயின்ட் அடித்தேன். பிறகுதான் ஏறி உன் படத்தைக் கழற்றினேன்.

அந்தப் படம் பீரோவில், என் சட்டைகளுக்கு அடியில், காகிதத்தில் சுற்றி இருக்கிறது. அதைத் தூக்கிப் போட எனக்கு உரிமை இல்லை. என்ன செய்வது என்று நீ சொல், பாப்பா. அந்த ஆணியை நான் பிடுங்கவில்லை. தம்பி ஆட்டிப் பார்த்தது சரிதான். அது கெட்டியாகத்தான் இருக்கிறது.